மகள் கல்யாணத்தன்று காலையில் வாசிக்க ஒரு கவிதை: 38 வரி எழுதிவிட்டேன், எதை வெட்டுவது?

ஊசிநூல்
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். கோவில்பட்டியில் மண்டபம், முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை. அன்றைக்குக் காலையில் அவளை மணவறைக்கு அனுப்புவதற்கு முன்னால் நானே எழுதிய ஒன்றை அவளுக்கு வாசித்துக் காட்ட ஆசை. நான் தையல்காரி, கவிதைக்கும் எனக்கும் பழக்கம் இல்லை, பத்தாவதில் மனப்பாடச் செய்யுள் படித்ததோடு சரி. இரண்டு வாரமாக ராத்திரி கடை அடைத்த பிறகு உட்கார்ந்து எழுதி எழுதி 38 வரி ஆகிவிட்டது. வாசித்துப் பார்த்தால் எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கிறது. அழுகையும் வருகிறது, ஆனால் வருகிற அழுகை என் மகளை நினைத்து வருவதாகத் தெரியவில்லை. ஆரம்பம் இப்படி:

கண்ணின் மணியே கற்பகமே என் கருவறையில் பூத்த மலரே
பத்து மாதம் சுமந்த பந்தம் இன்று பறந்து போகுதே
புகுந்த வீட்டில் பொறுமை காத்து பூமாதேவி போல் இருந்து
மாமன் மாமி மனம் கோணாமல் மகராசியாய் வாழணும் நீயே

இதே மாதிரி இன்னும் போகிறது. கடைசியில் "என் கண்ணீரில் நனையுது உன் கல்யாணப் பந்தல்" என்று முடித்திருக்கிறேன். எதை வெட்டலாம்?

அச்சகம் அண்ணாச்சி
வாழ்த்துகள் தாயி. எதையும் வெட்ட வேண்டாம். 38 வரியை இரண்டு பத்தியாகப் போட்டால் ஒரு மடலில் அழகாக உட்காரும். மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே "என்றும் அன்புடன்" என்று பெற்றோர் பெயர். 300 பிரதி அடித்துப் பந்தியில் உட்காரும்போது கொடுத்துவிடலாம். நான் 30 வருசமாக வாழ்த்து மடல் அடிக்கிறவன், நண்பர்கள், மாமன் மச்சான், சங்கம் என்று எல்லோரும் அடிக்கிறார்கள், அம்மா அடித்துப் பார்த்ததில்லை. புதுசாக இருக்கும்.

விருத்தப்பிரியன்
அம்மா, உணர்வு இருக்கிறது, வடிவம் இல்லை. கல்யாண வாழ்த்து என்றால் எண்சீர் ஆசிரிய விருத்தம்தான் முறை. நான்கு அடியிலும் எதுகை ஒன்றி வர வேண்டும், தளை தட்டக் கூடாது. முதல் சொல் கட்டாயம் மங்கலச் சொல்லாக இருக்க வேண்டும்: திரு, சீர், பூ, பொன், மணி, திங்கள் இப்படி. "கண்" என்று தொடங்கியது தவறு. நான்கு பாட்டு எழுதினால் போதும், 38 வரி வேண்டாம். வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், மகள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் மட்டும் அனுப்புங்கள்.

ஊசிநூல்
அண்ணாச்சி, மன்னிக்கணும், நான் சரியாகச் சொல்லவில்லை. மடல் அடிக்கப் போவதில்லை. ஊருக்கு அல்ல, அவளுக்கு மட்டும். மணமகள் அறையில் அவளும் நானும், கூடப் போனால் என் தங்கச்சியும் என் மாமியாரும் இருப்பார்கள்.

விருத்தப்பிரியன் சார், நீங்கள் எழுதித் தந்தால் அது உங்கள் வாழ்த்தாக ஆகிவிடுமே.

ஏட்டுச்சுவடி
38 வரியையும் தனிச்செய்தியில் அனுப்பியிருந்தீர்கள், இரண்டு தடவை படித்தேன். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டுரைத் தாள் திருத்துகிற மாதிரி சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்.

மொத்தத்தில் 12 வரி விளி. கண்ணே, மணியே, கற்பகமே, மலரே. இதில் எந்த இடத்திலாவது உங்கள் மகள் பெயரை எடுத்துவிட்டு என் பேத்தி பெயரைப் போட்டால் பொருந்தாமல் போகுமா? போகாது. அப்படியென்றால் அந்த வரி உங்களுடையது இல்லை. இன்னொரு 14 வரி புத்திமதி. அதை இத்தனை வருசம் சொல்லியிருப்பீர்கள், முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது சொன்னால் அது அவள் காதுக்குப் போகாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாமியார் காதுக்குத்தான் போகும். மீதி 12 வரி உங்கள் கண்ணீர். அம்மா அழுகிறேன் என்று சொன்ன பிறகு அந்தப் பெண் என்ன செய்வாள்? உங்களைத் தேற்ற வேண்டிய வேலை அவளுக்கு வந்துவிடும். அன்றைக்கு அவளுக்கு இருக்கிற வேலை போதாதா.

வெட்டினால் 38-இல் ஒன்றும் மிஞ்சாது. வேறு ஒரு கேள்வி கேட்கிறேன், கவிதையாகப் பதில் சொல்ல வேண்டாம், சாதாரணமாகச் சொல்லுங்கள். அவளுக்காக உங்கள் கை திரும்பத் திரும்பச் செய்த வேலை எது?

ஐப்பசிப் பொண்ணு
போன ஐப்பசியில் எனக்குக் கல்யாணம் ஆனது, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் அம்மா எனக்கும் கவிதை எழுதினார்கள், மண்டபத்தில் மைக்கில் வாசித்தார்கள். கீழே 400 பேர். தவில்காரர் நடுவில் தட்டிப் பார்க்கிறார், வீடியோக்காரர் "அம்மா கொஞ்சம் பொண்ணு பக்கம் திரும்புங்க" என்கிறார், நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி கூட இன்று ஞாபகம் இல்லை. வீடியோவில் கேட்கலாம் என்றால் அந்த இடத்தில் பாட்டு போட்டு எடிட் பண்ணிவிட்டார்கள். அறைக்குள் வாசிக்கப் போகிறேன் என்று சொன்னீர்களே ஆன்ட்டி, அதை மட்டும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

ஊசிநூல்
ஏட்டுச்சுவடி ஐயா, கை செய்த வேலை என்றால் தையல்தான், வேறென்ன. அவளுக்குச் சின்ன வயதில் ரெடிமேட் வாங்கியதே இல்லை. பாவாடை தைக்கும்போது நீளமாகத் துணி எடுத்து, கீழே மூன்று மடிப்பு வைத்துத் தைத்துவிடுவேன். ஒரு அங்குல மடிப்பைப் பிரித்தால் இரண்டு அங்குலம் இறங்கும். பள்ளிக்கூடம் திறக்கும்போது வருசத்துக்கு ஒரு மடிப்பு பிரிப்பேன், ஒரே பாவாடை மூன்று வருசம் ஓடும். ஆனால் பிரித்த இடத்தில் கோடு விழுந்திருக்கும், மடிப்புக்குள் இருந்த துணி வெளுக்காமல் புதுசாக இருக்கும், மற்றது வெளுத்திருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். "அசிங்கமா இருக்கும்மா, எல்லாரும் கேக்குறாங்க" என்று அழுவாள். கோட்டுக்கு மேலே லேஸ் வைத்து மூடிவிடுவேன். இப்போது அவள் கல்யாண ரவிக்கையும் நான்தான் தைக்கிறேன், ஆரி வேலைக்கு மட்டும் வெளியே கொடுத்தேன். இதெல்லாம் கவிதையில் வருமா?

ஏட்டுச்சுவடி
வருமா என்றா கேட்கிறீர்கள். உங்கள் கவிதையை இப்போதுதான் எழுதியிருக்கிறீர்கள், உரைநடையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நற்றிணையில் 110-ஆம் பாட்டு, போதனார் பாடியது. மணமாகிப் போன பெண்ணைப் பற்றி அவளை வளர்த்தவள் பேசுகிற பாட்டு. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் வைத்துக்கொண்டு, நுனியில் பூச்சுற்றிய சின்னக் கோலை ஓங்கி, குடி என்று மிரட்டுகிறார்கள். அந்தப் பெண் சிலம்பு ஒலிக்கத் தத்தி ஓடுகிறாள், நரைத்த கூந்தல் செவிலியர் துரத்திக் களைத்துப்போகிறார்கள். அப்படி விளையாட்டுக் காட்டியவள் இப்போது கணவன் வீடு வறுமைப்பட்டபோது அப்பன் வீட்டுச் சோற்றை நினைக்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாளாம், இந்த அறிவை எங்கே கற்றாள் என்று பாட்டு வியக்கிறது. "எனக்கு வலிக்கிறது" என்ற பேச்சே இல்லை. ஒரு பால் கிண்ணம், ஒரு குச்சி, ஓடுகிற கால். இரண்டாயிரம் வருசத்துக்குப் பக்கமாகியும் அந்தக் குச்சியில் பூச்சுற்றியிருந்தது நமக்குத் தெரிகிறது, பாருங்கள். அடிக்க ஓங்குகிற கோலில் யாராவது பூச்சுற்றுவார்களா? அந்த வீட்டின் செல்லம் முழுவதும் அதில் இருக்கிறது.

உங்கள் லேஸ் அந்தப் பூ மாதிரி. அதை மட்டும் வைத்து எழுதுங்கள். விளி ஒரே ஒரு இடத்தில், அதுவும் வீட்டில் கூப்பிடுகிற பெயரில்.

விருத்தப்பிரியன்
ஐயா சொன்னால் சரி, ஆனால் நற்றிணைப் பாட்டும் ஆசிரியப்பாதானே, யாப்பு இல்லாமல் இல்லையே. அம்மா உரைநடையை முறித்துப் போட்டால் அது எப்படிக் கவிதை ஆகும்? பாவாடையை விருத்தத்திலும் வைக்கலாம். ஒரு முயற்சி:

மும்மடிப்பு வைத்ததொரு பாவா டைக்குள்
முத்தான ஆண்டுமூன்று மடிந்தி ருக்கும்

ஏட்டுச்சுவடி
தம்பி, சீர் கணக்கு சரியாக இருக்கிறது, பாராட்டுகிறேன். ஆனால் "பாவா டைக்குள்" என்று உடைத்ததும் பாவாடை காணாமல் போய்விட்டது. "முத்தான" எதற்கு வந்தது? மோனைக்கு வந்தது. அம்மாவுக்கு அந்த மூன்று வருசம் முத்தானதா, கஷ்டமானதா, உமக்குத் தெரியாதே. அப்புறம் விருத்தத்துக்குத் தளைக் கட்டுப்பாடு வெண்பாவுக்கு இருப்பது போல் கிடையாது, நான்கு அடியும் அளவொத்து வருவதும் எதுகையும்தான் முக்கியம். மங்கலச் சொல் விதியும் உண்டு, மறுக்கவில்லை, பாட்டியல் நூல்களில் முதல் சொல்லுக்குப் பொருத்தமே பத்து சொல்லியிருக்கிறது. ஆனால் அது பாட்டுடைத் தலைவனை வைத்து நூல் செய்கிறவனுக்கு. சமையலறை வாசலில் நின்று மகளிடம் பேசுகிறவளுக்கு அதைச் சுமத்தலாமா?

நீர் சொன்னதில் ஒன்று சரி. முறித்துப் போட்டால் கவிதை ஆகாது. அதனால் ஒரு வரிக்கு ஒரு செயல் அல்லது ஒரு பேச்சு, ஒரே மூச்சில் சொல்லக்கூடிய நீளம், அவ்வளவு கட்டுப்பாடாவது வேண்டும்.

ஊசிநூல்
இரண்டாம் தடவை. நேற்று ராத்திரி உட்கார்ந்ததும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டது, எனக்கே ஆச்சரியம்.

பாவாடைக்கு மூன்று மடிப்பு வைத்துத் தைப்பேன்.
பள்ளிக்கூடம் திறந்தால் ஒன்று பிரிப்பேன்.
பிரித்த இடத்தில் கோடு நிற்கும்.
அன்பு என்பதும் அந்தக் கோடு போலத்தான், அழியாது.
அசிங்கமா இருக்கும்மா என்பாய்.
கோட்டின் மேல் லேஸ் வைத்து மூடுவேன்.

அளவு நாடாவுக்கு நிமிர்ந்து நிற்பாய்.
மூச்சை இழுத்துப் பிடிக்காதே என்பேன்.
பிடித்துக்கொண்டேதான் நிற்பாய்.

இன்றைக்கு உடுத்தும் ரவிக்கையும் என் தையல்.
உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டிருக்கிறேன்.
எப்போது வேண்டுமோ அப்போது பிரித்துக்கொள்.
அம்மா என்றைக்கும் உனக்காக இருப்பேன்.

ஐப்பசிப் பொண்ணு
ஐயோ, அந்த ஒரு அங்குலம். எங்கள் அம்மா தைக்கத் தெரியாதவர், ஆனால் டெய்லரிடம் போய் "உள்ள துணி விட்டுத் தைங்க, கல்யாணத்துக்கு அப்புறம் ஒடம்பு போடுவா" என்று சொல்வதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். இது இப்படியெல்லாம் ஆகும் என்று யோசித்ததே இல்லை.

ஆன்ட்டி, இரண்டு வரி மட்டும் எடுத்துவிடுங்கள், "அன்பு என்பதும்" என்கிற வரியும் கடைசி வரியும். அந்த இரண்டும் பழைய 38-லிருந்து தப்பி வந்தவை மாதிரி இருக்கின்றன.

சுண்ணாகத்தான்
வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள். எங்கட தங்கச்சியின்ர கலியாணம் கனடாவில நடந்தது, அம்மாவுக்கு விசா கிடைக்கேல்லை. அம்மா சுண்ணாகத்தில இருந்து போனிலதான் வாசிச்சவ. கொப்பித் தாளில நாலு பக்கம் எழுதி வச்சிருந்தவ, எல்லாச் சொந்தக்காரற்றை பேரும் அதுக்குள்ள. லைன் வெட்டி வெட்டி வந்ததில எங்களுக்குக் கேட்டது முழுக்க மூண்டு வசனம் இருக்கும். அதில ஒண்டு, "குளிருக்க ஈரத்தலையோட வெளிய போகாதை." தங்கச்சி இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறவ, கவிதை எண்டே சொல்லுறதில்லை, அம்மா சொன்னது எண்டுதான்.

அதால ஏட்டுச்சுவடி ஐயா புத்திமதியே வேண்டாம் எண்டு சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். எப்படி வாழோணும் எண்ட புத்திமதிதான் வேண்டாம். ஈரத்தலை புத்திமதி வேணும்.

ஏட்டுச்சுவடி
ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்னது என் பேச்சைவிட நல்ல திருத்தம். அகநானூற்று 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது, அதுவும் இருள் விலகும் காலையில்தான். உளுந்தம் களியும் பந்தலும் மணலும் விளக்குமாக வீடே நிறைந்திருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் அவளை நீராட்டி, உன்னைப் பெற்றவன் விரும்பிப் பேணும் துணையாக இரு என்று வாழ்த்துகிறார்கள். பெற்றவன் என்றால் அங்கே கணவன். அந்த வாழ்த்து ஒரே வாக்கியம். தாய்க்கென்று அந்தப் பாட்டில் தனியாக ஒரு சொல்லும் இல்லை. ஊசிநூல் அம்மா எழுதுவது அந்த வெற்றிடத்தில், அதனால்தான் முன்மாதிரி கிடைக்காமல் சினிமாப் பாட்டுப் பக்கம் போய்விட்டார் என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். "பிரிப்பேன்", "பிரித்துக்கொள்". கல்யாணத்தன்று காலையில், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, "பிரி" என்ற சொல் மூன்று தடவை வருகிறது. என்ன செய்யலாம்?

ஊசிநூல்
ஐயா, இதை நான் கவனிக்கவே இல்லை. தையல் கடையில் நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல். வாசித்ததும் எனக்கே திக்கென்றது. மாமியாருக்கு 81 வயது, "போறேன்" என்று சொன்னாலே வரேன்னு சொல்லு என்று திருத்துகிறவர்கள். "அவிழ்க்கிறேன்" என்று போட்டால் அதைவிட மோசம். பாவாடைக்கு "இறக்குவேன்" சொல்லலாம், ரவிக்கைக்கு "தளர்த்திக்கொள்" சொல்லலாம்.

சுண்ணாகத்தான்
மாத்தாதேங்கோ அக்கா. பிரிவு எண்டு ஒரு சொல்லும் வெளிய சொல்லாம தையலுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிறியள். அதை எடுத்தா வெறும் தையல் குறிப்புதான் மிஞ்சும்.

விருத்தப்பிரியன்
கேட்கிறவர் பாட்டி, அவருக்கு ஒளித்து வைத்தது எல்லாம் தெரியாது, காதில் விழுந்த சொல்தான் தெரியும். அமங்கலச் சொல் விலக்கு என்று நான் முதலிலேயே சொன்னதும் இதைத்தானே. அன்றைக்கு ஒரு வருத்தம் வந்தால் கவிதையால் வந்தது என்று ஆகிவிடும்.

ஏட்டுச்சுவடி
இந்த இடத்தில் தம்பி பக்கம்தான் நியாயம் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் சுண்ணாகத்தார் சொன்னதை விட மனம் வரவில்லை. அம்மாதான் முடிவு செய்ய வேண்டும், மாமியாரைத் தெரிந்தவர் அவர்.

ஐப்பசிப் பொண்ணு
எப்போது வாசிக்கப் போகிறீர்கள் ஆன்ட்டி? நேரத்தையும் யோசியுங்கள். மேக்கப் முடிந்த பிறகு வாசித்தால் அவள் அழவும் முடியாது, கண்ணைத் துடைக்கவும் முடியாது, பியூட்டிஷியன் டிஷ்யூவோடு நின்று "மேல பாருங்க, மேல பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார், எனக்கு நடந்தது.

ஊசிநூல்
தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணி போடும்போது வாசிக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பத்து நிமிசம் ஒரே இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். கண் கலங்கினாலும் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஐப்பசிப் பொண்ணு
யோசனை சூப்பர், ஆனால் நடக்காது. பியூட்டிஷியனிடம் கேட்டுப் பாருங்கள், முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடச் சொல்வார். அன்றைக்கே குளித்தால் முடி வழுக்கும், ஜடை நிற்காது, காயவும் நேரம் இல்லை. 6 மணி முகூர்த்தம் என்றால் அவர் மூன்றரைக்கே வந்துவிடுவார். அதற்கப்புறம் அவள் உங்கள் மகள் இல்லை, அவர் கையில் இருக்கும் பொருள்.

ஊசிநூல்
கேட்டேன். அப்படியேதான் சொன்னார்கள். சரி, மூன்று மணிக்கு எழுப்பி, காப்பி கொடுக்கும்போது வாசிக்கிறேன். அரை மணி நேரம் கிடைக்கும்.

இன்னொரு கஷ்டம். தினமும் அடுப்படியில் வாசித்துப் பழகுகிறேன், "மூச்சை இழுத்துப் பிடிக்காதே" வரியில் குரல் போய்விடுகிறது. தினமும் அதே வரிதான். ரவிக்கை வரியில் ஒன்றும் ஆவதில்லை.

அச்சகம் அண்ணாச்சி
தாயி, நான் முதலில் விவரம் புரியாமல் பேசிவிட்டேன். மேடை நாடகத்துக்கு ஒரு காலத்தில் வசனம் சொல்லிக் கொடுத்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். குரல் உடைகிற வரியை எடுக்காதீர்கள், அந்த வரியைத் தாண்டிப் போக அடுத்து ஒரு சின்ன வரி இருக்க வேண்டும், சிரிப்பு வருகிற வரியாக இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, "பிடித்துக்கொண்டேதான் நிற்பாய்". அதை வேகமாகச் சொல்லுங்கள், திட்டுகிற மாதிரி. திட்டும்போது அழுகை வராது. அழுகை வந்தால் கஷ்டப்பட்டு நிறுத்தாதீர்கள், வாயை மூடி மூக்கால் ஒரு மூச்சு விட்டுவிட்டு, அதே வரியைத் திரும்பச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

தாள் விசயம் என் தொழில். ஒரே பக்கம், 20 பாயிண்ட் எழுத்து, வரிக்கு வரி நல்ல இடைவெளி. இரண்டு பக்கமாகப் போனால் தாளைத் திருப்புகிற இடத்தில் அவ்வளவும் போச்சு. மூன்று மணிக்கு மண்டபத்து அறையில் குண்டு பல்பு வெளிச்சம்தான் இருக்கும், கண்ணாடியை மறக்காதீர்கள். போனில் வைத்து வாசிக்க வேண்டாம், அந்த நேரத்தில்தான் சமையல்காரர் கூப்பிடுவார்.

ஊசிநூல்
இதுதான் கடைசி. தாளில் எழுதி பீரோவில் வைத்துவிட்டேன், இனித் திருத்த மாட்டேன். வாசித்துப் பார்த்தால் ஒன்றே கால் நிமிசம் ஆகிறது.

பாவாடைக்கு மூன்று மடிப்பு வைத்துத் தைப்பேன்.
பள்ளிக்கூடம் திறந்தால் ஒன்று பிரிப்பேன்.
பிரித்த இடத்தில் கோடு நிற்கும்.
துவைத்தாலும் போகாது.
அசிங்கமா இருக்கும்மா என்பாய்.
கோட்டின் மேல் லேஸ் வைத்து மூடுவேன்.

அளவு நாடாவுக்கு நிமிர்ந்து நிற்பாய்.
மூச்சை இழுத்துப் பிடிக்காதே என்பேன்.
பிடித்துக்கொண்டேதான் நிற்பாய்.

இன்றைக்கு உடுத்தும் ரவிக்கையும் என் தையல்.
பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன்.
எப்போது வேண்டுமோ தளர்த்திக்கொள்.
பட்டில் பழைய தையல் தெரியும்.
தெரிந்தால் தெரியட்டும்.

காப்பி ஆறுகிறது, பாப்பா.
குடித்துவிட்டுக் கிளம்பு.
போயிட்டு வா.

பாவாடையில் "பிரிப்பேன்" இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், ரவிக்கையில் மட்டும் மாற்றினேன். பாவாடை என்றைக்கோ நடந்தது, ரவிக்கை அன்றைக்கு நடப்பது, அவ்வளவுதான் என் கணக்கு. சரியா தெரியவில்லை.

சுண்ணாகத்தான்
எனக்கு "பிரித்துக்கொள்"தான் பிடிச்சது. ஆனா "காப்பி ஆறுகிறது" நல்லாயிருக்கு. ஈரத்தலை மாதிரித்தான்.

விருத்தப்பிரியன்
யாப்பு இல்லை என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஏட்டுச்சுவடி
திருத்த ஒன்றும் இல்லை. "போயிட்டு வா"வை "போய் வா" என்று யாராவது திருத்தச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஊசிநூல்
கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நான்கு நாள் கழித்து இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது.

மூன்று மணிக்கு எழுப்ப நினைத்தேன், அவள் ஏற்கெனவே விழித்துத்தான் கிடந்தாள். காப்பியைக் கொடுத்துவிட்டுத் தாளை எடுத்தேன். "என்னம்மா, பட்டியலா?" என்று கேட்டாள், சாமான் பட்டியல் என்று நினைத்துவிட்டாள். வாசித்தேன். லேஸ் வரியில் சிரித்தாள். அளவு நாடா வரி வந்ததும், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் தன்னை அறியாமல் முதுகை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்தாள். நான் அதைப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு எழுத்து தெரியவில்லை. அண்ணாச்சி சொன்ன மாதிரி மூக்கால் மூச்சு விட்டுப் பார்த்தேன், திட்டுகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவளே தாளை வாங்கி மீதியை வாசித்தாள், சத்தமாக இல்லை, வாய்க்குள்ளே. ரவிக்கை வரி வந்திருக்க வேண்டும், எழுந்துபோய் ஹேங்கரில் இருந்த ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்போது பியூட்டிஷியன் கதவைத் தட்டிவிட்டார், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிசம் முந்தி.

மாமியார் ஓரத்தில் படுத்திருந்தார்கள், தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு மத்தியானம் பந்தியில் "லேஸு பத்தி எழுதினியே, அதை வாங்கிக் கொடுத்தது நான்" என்றார்கள். உண்மைதான், மறந்தே போயிருந்தேன். "பிரி" பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைத்தெரு டீ
இழை முழுவதும் படித்தேன். என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அவள் அம்மா இப்போது இல்லை, நான்தான் வாசிக்க வேண்டும். எனக்குத் தைக்கத் தெரியாது, டீக்கடை வைத்திருக்கிறேன். காலையில் நாலு மணிக்குக் கடை திறந்தால் ராத்திரி பத்துக்குத்தான் வீடு, அவளை வளர்த்தது அவள் அம்மாச்சி. என் கை அவளுக்காக ஒன்றும் செய்ததாக ஞாபகம் இல்லை. "அன்பு மகளே" என்று தொடங்கி ஆறு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி
ஆறு வரியை அப்படியே வைத்திருங்கள், கிழிக்க வேண்டாம். ஒன்று சொல்லுங்கள், பள்ளிக்கூடம் போகும்போது அவள் கடை வழியாகப் போவாளா?

கடைத்தெரு டீ
தினமும். சில்லறை வாங்க வருவாள். டப்பாவில் நானே கையை விட்டு எடுத்துக் கொடுப்பேன், கையெல்லாம் பால் வாடை, காசும் ஈரமாக இருக்கும். பாவாடையில் துடைத்துவிட்டுத்தான் போவாள்.

ஊசிநூல்
அண்ணே, எழுதுங்க.